வயல் தாமதித்த கதையை வழிகாட்டிக்கு எழுதுவது எப்படி?

முதுநிலை மாணவர் ஒருவர் ஆய்வேட்டை ஒப்படைக்கக் கூடுதல் காலம் கேட்டுத் தன் ஆராய்ச்சி வழிகாட்டிக்கு எழுதும் கடிதம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தாமதம் எங்கே, எதனால் ஏற்பட்டது என்பதை வழிகாட்டிக்குத் தெரிவிப்பது முதல் வேலை. வழிகாட்டி அந்தக் கடிதத்தின் மீதே பரிந்துரை எழுதித் துறைத் தலைவருக்கும், அங்கிருந்து முதுநிலைக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பத் தோதாக இருப்பது இரண்டாவது. வழிகாட்டி தினமும் வயலுக்கு வந்து எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவராக இருக்கலாம். ஆனால் கோப்பைப் பார்க்கும் மற்றவர்கள் வயலைப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தெரிவதெல்லாம் கடிதத்தில் எழுதியிருப்பதுதான்.

நூலகத்திலும் ஆய்வகத்திலும் மட்டும் நடக்கும் ஆய்வில் பிந்திப்போன நாட்களை இரவு பகலாக வேலை செய்து ஓரளவு ஈடுகட்டலாம். வயலாய்வில் அது முடியாது. 130 நாள் வயதுள்ள நெல்லுக்கு 130 நாள் கொடுத்தே ஆக வேண்டும். தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், பூக்கும் பருவம், அறுவடை என்று ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்க வேண்டிய அளவீடுகளை அந்தந்த நாளில்தான் எடுக்க முடியும். விதைப்பு ஒரு மாதம் பிந்தினால் எல்லா அளவீடும் ஒரு மாதம் பிந்தும். வேளாண் முதுநிலைப் படிப்போ நான்கு பருவங்கள், அதாவது இரண்டே ஆண்டுகள். அதில் முதல் ஆண்டின் பெரும்பகுதி பாடங்களுக்குப் போய்விடுவதால், பெரும்பாலான மாணவர்களுக்கு வயலில் கிடைப்பது ஒரே ஒரு சம்பா அல்லது ஒரே ஒரு குறுவைதான். அதைத் தவறவிட்டால் அடுத்த சம்பாவுக்கு ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில் இது அடிக்கடி நடக்கிறது. மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போகும். 2024இல் ஜூலை 28ஆம் தேதிதான் அணை திறக்கப்பட்டது. திறந்த தண்ணீர் கல்லணையைக் கடந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களின் கடைசி வாய்க்கால்களுக்கு வந்து சேர மேலும் நாட்களாகும். முதல் மடையில் உள்ளவர் நாற்று விட்டு முடித்திருப்பார். கடைமடையில் வாய்க்கால் இன்னும் காய்ந்து கிடக்கும். அங்கே சோதனைத் திடல் வைத்திருக்கும் மாணவரின் கால அட்டவணையும் அந்த வாய்க்காலை நம்பியே இருக்கிறது.

ஒரு மாதிரி நேர்வை எடுத்துக்கொண்டு, கடிதத்தில் என்ன வர வேண்டும் என்று பார்க்கலாம். உழவியல் முதுநிலை மாணவி ஒருவர் கடைமடையில் உள்ள ஒரு பண்ணையில் சம்பா நெல்லுக்குத் தழைச்சத்து இடும் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார். மத்திய, நீண்ட கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து. அதை அடியுரமாகவும், தூர் கட்டும்போதும், கதிர் உருவாகும்போதும், கதிர் வெளிவரும்போதும் நான்காகப் பிரித்து இடுவது வழக்கம். இந்த அளவையும் பிரித்து இடும் விதத்தையும் மாற்றி எட்டு உரமுறைகளை அவர் அமைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் மூன்று இடங்களில் வருமாறு, ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவில் மொத்தம் 24 பாத்திகள். பயிர் 130 நாள் வயதுள்ள ரகம். ஆகஸ்ட் 12ஆம் தேதி நாற்றங்காலில் விதைத்து, செப்டம்பர் 6ஆம் தேதி நட்டு, டிசம்பர் 20ஆம் தேதி அறுவடை செய்வது திட்டம். ஆய்வேடு ஒப்படைக்கக் கடைசி நாள் ஏப்ரல் 30.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது செப்டம்பர் 8ஆம் தேதி. விதைப்பு செப்டம்பர் 10ஆம் தேதிக்கும், நடவு அக்டோபர் 5ஆம் தேதிக்கும் போயின. இப்படி முதலிலேயே 29 நாள் பிந்திவிட்டது. பயிர் ஜனவரி 18ஆம் தேதி முற்றியபோது மழை பிடித்துக்கொண்டது. வயலில் நீர் நின்றதால் ஆள் இறங்க முடியவில்லை. அறுத்தாலும் கட்டுகளைக் காயவைக்கக் களம் இல்லை. கடைசியில் ஜனவரி 30ஆம் தேதிதான் அறுவடை நடந்தது. 29 நாளுடன் 12 நாள் சேர, மொத்தத் தாமதம் 41 நாள்.

இந்த இடத்தில் பலரும் அவசரமாகப் பேனாவை எடுத்து, 41 நாள் தாமதமாகிவிட்டதால் 41 நாள் நீட்டிப்பு வேண்டும் என்றோ, அதைவிடப் பொதுவாக மூன்று மாதம் வேண்டும் என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டும் சரியான கணக்கல்ல. எத்தனை நாள் கேட்பது என்பதை எத்தனை நாள் தாமதமானது என்பதிலிருந்து கணக்கிடக் கூடாது. மீதமுள்ள வேலை எத்தனை நாள் என்பதிலிருந்து கணக்கிட வேண்டும். தண்ணீருக்காகக் காத்திருந்த மாதத்தில் மாணவி சும்மா இருந்திருக்க மாட்டார். முன்னுரை, முந்தைய ஆய்வுகளின் தொகுப்பு, ஆய்வுமுறை என மூன்று அத்தியாயங்களை எழுதி முடித்திருக்கலாம். அந்த நாட்கள் கழிந்துவிடும். மாறாக, ஆய்வகத்தில் அவருக்கென்று ஒதுக்கிய வாரம் ஜனவரியில் கடந்துபோயிருக்கும். புதிய வரிசை பிப்ரவரிக் கடைசியில்தான் வரும். அந்த நாட்கள் கூடும்.

ஆகவே கடிதம் எழுதும் முன் அறுவடைக்குப் பிந்தைய வேலையை ஒவ்வொன்றாகக் கணக்கிட வேண்டியிருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு அறுவடை என்றால் முடிவு. வயலாய்வில் அது பாதிவழி. ஒவ்வொரு பாத்தியிலும் ஓர வரிசைகளை முதலில் தனியாக அறுத்து ஒதுக்குகிறார்கள். ஓரத்துப் பயிருக்கு வெளிச்சமும் காற்றும் கூடுதலாகக் கிடைக்கும், பக்கத்துப் பாத்தியின் உரமும் கசிந்து வரும் என்பதால் அது கணக்கில் சேராது. நான்கு புறமும் இரண்டிரண்டு வரிசைகளை விட்டால், 20 சதுர மீட்டர் பாத்தியில் கணக்குக்கு மிஞ்சுவது சுமார் 14 சதுர மீட்டர். அந்த நெல்லை மட்டும் அறுத்து, கட்டி, பாத்தி எண் எழுதிய அட்டையைக் கட்டில் செருகி, தனித்தனியாக அடித்து, தூற்றி, காயவைத்து எடை போட வேண்டும். அட்டையில் பென்சிலால்தான் எழுதுவார்கள். பேனா மை ஒரு தூறலில் கரைந்து போனால், நான்காம் உரமுறையின் இரண்டாம் பாத்தி எது என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு மாத உழைப்பு அந்தச் சிறிய அட்டையில் இருக்கிறது.

காயவைக்கும் நாட்களைக் குறைத்துவிடலாமே என்று அவசரத்தில் தோன்றும். அதன் விளைவைக் கணக்கிலேயே பார்க்கலாம். மழை ஈரத்தோடு ஒரு பாத்தியின் நெல் 8.4 கிலோ நிற்கிறது, ஈரப்பதம் 22 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். விளைச்சலை 14 விழுக்காடு ஈரத்துக்குச் சரிசெய்து சொல்வதுதான் முறை. எடையை 78ஆல் பெருக்கி 86ஆல் வகுத்தால் 7.6 கிலோ வருகிறது. 14 சதுர மீட்டருக்கு 7.6 கிலோ என்றால் எக்டருக்கு ஏறத்தாழ 5.4 டன். ஈரத்தைக் கழிக்காமல் 8.4 கிலோவையே எழுதினால் எக்டருக்கு 6 டன் ஆகிவிடும். இல்லாத 600 கிலோ நெல் தாளில் விளைந்துவிடுகிறது. இரண்டு உரமுறைகளுக்கு இடையே உள்ள உண்மையான வேறுபாடே பல சமயம் இதைவிடக் குறைவு. முதல் வரிசைப் பாத்திகளை வெயிலிலும் கடைசி வரிசைப் பாத்திகளை மூட்டத்திலும் காயவைத்து, ஈரம் பார்க்காமல் எடை போட்டிருந்தால், உரத்தின் பலன் என்று பின்னால் எழுதப்படுவது உண்மையில் வெயிலின் பலனாக இருக்கும். எனவே காயவைக்க ஒரு வாரம் என்பது கணக்கில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஆய்வகம். 24 பாத்திகளிலிருந்தும் நெல்மணி ஒன்று, வைக்கோல் ஒன்று என 48 பயிர் மாதிரிகள். அறுவடைக்குப் பின் எடுத்த மண் மாதிரிகள் 24. எல்லாவற்றிலும் தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளையும் பார்க்க வேண்டும் என்றால் 72 மாதிரிகளில் 216 அளவீடுகள். பயிரில் தழைச்சத்தைப் பார்க்கும் கெல்டால் முறையில், பொடித்த மாதிரியைக் கந்தக அமிலத்தில் வேகவைத்துக் கரைத்து, பிறகு காய்ச்சி வடித்து, அதன் பிறகே சத்தின் அளவைக் கணக்கிட முடியும். 48 மாதிரியையும் இரண்டிரண்டு முறை பார்த்தால் 96. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்றால் தழைச்சத்துக்கு மட்டும் எட்டு வேலை நாட்கள். மற்றவற்றையும் சேர்த்தால் 22 வேலை நாட்கள் ஆகும். இதெல்லாம் கருவி பழுதாகாமல், மின்சாரம் நிற்காமல், வேறு மாணவர் யாரும் அதே கருவிக்குக் காத்திருக்காமல் இருந்தால். அதற்கு இரண்டொரு நாள் கூட்டி வைப்பது சலுகை கேட்பதாகாது. ஆய்வகத்தை அறிந்தவர் அப்படித்தான் கணக்கிடுவார்.

புள்ளியியல் கணக்குக்கு ஒரு வாரம் போதும். முடிவுகளையும் விவாதத்தையும் எழுத மூன்று வாரம் ஆகும். அதற்குப் பிறகு வருவதை மாணவர்கள் மறந்துவிடுவதுண்டு: வழிகாட்டி படிக்கும் நாட்கள். முழு வரைவைப் படித்துத் திருத்தித் தர அவருக்கு இரண்டு வாரமாவது வேண்டும். குழு உறுப்பினர்களும் பார்க்க வேண்டும். பிறர் எழுத்தை எடுத்தாண்டிருக்கிறதா என்னும் மென்பொருள் சோதனை, அச்சு, பைண்டிங் எல்லாம் அதற்குப் பிறகு. வரைவை ஏப்ரல் 28ஆம் தேதி கொடுத்து 30ஆம் தேதி கையெழுத்து கேட்பது, வழிகாட்டியைப் படிக்காமல் கையெழுத்திடச் சொல்வதற்குச் சமம்.

இந்தக் கணக்குகளையெல்லாம் போட்டு முடித்த பிறகு எழுதப்படும் கடிதம் ஏறத்தாழ இப்படி அமையும். கல்லூரிகளில் இது ஆங்கிலத்திலும் எழுதப்படுவதுண்டு. எந்த மொழியில் இருந்தாலும் உள்ளே இருக்க வேண்டியவை இவையே.

அனுப்புநர்: (பெயர், பதிவு எண்), முதுநிலை இரண்டாம் ஆண்டு, உழவியல் துறை.

பெறுநர்: பேராசிரியர் மற்றும் ஆலோசனைக் குழுத் தலைவர் அவர்கள், உழவியல் துறை.

நாள்: பிப்ரவரி 10

பொருள்: முதுநிலை ஆய்வேடு – சம்பா நெல் தழைச்சத்து வயலாய்வு – தரவுகள் பிந்திக் கிடைத்தமை – ஒப்படைக்க 35 நாள் கால நீட்டிப்பு கோருதல் – சார்பு.

பார்வை: தங்களுக்கு செப்டம்பர் 11ஆம் தேதி எழுதிய என் கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். என் ஆய்வேட்டை ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும். வயலாய்வின் அறுவடை திட்டமிட்ட நாளுக்கு 41 நாள் பிந்தி நடந்ததால், ஜூன் 4ஆம் தேதி வரை கால நீட்டிப்பு அளிக்கப் பரிந்துரைக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12ஆம் தேதி விதைப்பதாக இருந்தது. பண்ணை வாய்க்காலில் செப்டம்பர் 8ஆம் தேதிதான் தண்ணீர் வந்தது. அங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பதால், அதைப் பாய்ச்சினால் உரமுறைகளின் விளைவோடு உப்பின் விளைவும் கலந்துவிடும் என்று தாங்கள் கூறியபடி வாய்க்கால் நீருக்காகக் காத்திருந்தேன். செப்டம்பர் 10ஆம் தேதி விதைத்து அக்டோபர் 5ஆம் தேதி நட்டேன். ஜனவரி 18ஆம் தேதி பயிர் முற்றிய நிலையில் மழையால் வயலில் நீர் நின்றதால், ஜனவரி 30ஆம் தேதி அறுவடை செய்தேன். மூன்றாம் வரிசையில் ஒரு பாத்தியில் பயிர் சாய்ந்திருந்தது. அதைப் பதிவேட்டில் குறித்து, படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.

வளர்ச்சிப் பருவ அளவீடுகள் எல்லாம் முடிந்து, கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. 24 பாத்திகளின் விளைச்சலையும் ஈரப்பதத்துக்குச் சரிசெய்து பிப்ரவரி 7ஆம் தேதி பதிந்துவிட்டேன். முதல் மூன்று அத்தியாயங்களை எழுதி முடித்து, முதல் இரண்டைத் தங்களிடம் கொடுத்திருக்கிறேன். பயிர், மண் மாதிரிகளின் சத்து ஆய்வு மட்டும் இன்னும் தொடங்கவில்லை.

ஆய்வகத்தில் எனக்கு பிப்ரவரி 24ஆம் தேதி முதல் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மார்ச் 28ஆம் தேதிக்குள் சத்து ஆய்வையும், ஏப்ரல் 8ஆம் தேதிக்குள் புள்ளியியல் கணக்கையும், ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் கடைசி அத்தியாயங்களையும் முடித்து, மே 2ஆம் தேதி முழு வரைவைத் தங்களிடம் தருகிறேன். மே 16ஆம் தேதி தங்கள் திருத்தங்கள் கிடைத்தால், குழு உறுப்பினர்கள் பார்த்த பின் ஜூன் 4ஆம் தேதி ஒப்படைக்க இயலும்.

நீட்டிப்பு கிடைக்காது என்றால், வளர்ச்சி, விளைச்சல், வரவு செலவு ஆகியவற்றை மட்டும் வைத்து ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் முடிக்கலாம். ஆனால் பயிர் எவ்வளவு சத்தை எடுத்துக்கொண்டது என்னும் மூன்றாம் நோக்கத்தைக் குழுவின் ஒப்புதலோடு கைவிட வேண்டியிருக்கும். இதில் தங்கள் முடிவுப்படி நடக்கிறேன்.

இணைப்பு: பண்ணைப் பதிவேட்டின் நகல், செப்டம்பர் முதல் ஜனவரி வரையிலான மழையளவு, ஆய்வக ஒதுக்கீட்டுச் சீட்டு.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி

இந்தக் கடிதத்தில் கோரிக்கை முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. எத்தனை நாள், எந்தத் தேதி வரை என்பதைத் தேட வேண்டியதில்லை. நம்முடைய விண்ணப்ப மரபில் நலம் விசாரித்து, கடமைப்பட்டிருப்பதைச் சொல்லி, கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. நேரில் பேசும்போது அது மரியாதை. கோப்பில் அது படிப்பவரின் வேலையைக் கூட்டுகிறது. மரியாதையைக் காட்ட ‘வணக்கம்’, ‘தங்கள்’, ‘பணிவுடன்’ ஆகியவையே போதும்.

காரணம் சொல்லும் பத்தியில் வருத்தமோ புலம்பலோ இல்லை, தேதிகள்தான் இருக்கின்றன. திட்டமிட்ட தேதி, நடந்த தேதி, இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதே அந்தப் பத்தி. வழிகாட்டி உடனே கேட்கக்கூடிய கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. தண்ணீர் வராவிட்டால் போர் தண்ணீரில் நாற்று விட்டிருக்கலாமே என்று துறைத் தலைவர் நிச்சயம் கேட்பார். கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பாக இருப்பது அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கோப்பில் கையெழுத்திடும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் அந்த ஒரு வாக்கியம் கட்டாயம் தேவை.

சாய்ந்த பாத்தியைப் பற்றிய வரியைப் பலர் எழுத மாட்டார்கள். கேட்டது காலம்தானே, குறையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பார்கள். ஆனால் அந்தப் பாத்தியின் எண் மற்ற இரண்டு பாத்திகளோடு ஒத்துவராமல் போகும்போது, புள்ளியியல் கணக்கில் அது தானாகவே தெரிந்துவிடும். ஏப்ரலில் கண்டுபிடிக்கப்படுவதைவிட பிப்ரவரியில் சொல்லப்படுவது நல்லது. அந்தப் பாத்தியைச் சேர்ப்பதா, விட்டுவிட்டுக் கணக்கிடுவதா என்று வழிகாட்டி யோசிக்க அவகாசம் கிடைக்கும். ஒரு பாத்தி போனால் அதைக் கணக்கில் ஈடுசெய்யப் புள்ளியியலில் வழி இருக்கிறது. மூன்று நான்கு பாத்திகள் போனால் எட்டு உரமுறைகளை ஒப்பிடும் வலு அந்தச் சோதனைக்கு இராது. அப்போது நீட்டிப்புக் கேட்பதைவிட அடுத்த பருவத்தில் மறுபடி நடுவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

‘பார்வை’ என்ற இடத்தில் வரும் செப்டம்பர் கடிதம்தான் இந்தக் கோரிக்கைக்கு முதுகெலும்பு. அது நான்கு வரிக் கடிதமாக இருந்தால் போதும்: தண்ணீர் இன்ன தேதியில் வந்தது, விதைப்பு இன்ன தேதியில் நடந்தது, அறுவடை ஏறத்தாழ ஒரு மாதம் பிந்தும், தங்கள் தகவலுக்காக. அதில் எதையும் கேட்க வேண்டியதில்லை. தாமதம் தொடங்கிய அன்றே எழுதிய கடிதம் கோப்பில் இருந்தால், பிப்ரவரியில் கேட்கும் நீட்டிப்பைச் சாக்கு என்று யாரும் சொல்ல முடியாது. வாய்மொழியாகத் தேநீர் வேளையில் சொன்னது எவ்வளவு உண்மையானாலும் அலுவலகத்துக்குச் செல்லாது.

கடிதத்தை பிப்ரவரி 10ஆம் தேதி எழுதியதற்கும் காரணம் உண்டு. ஜனவரியில் மழைக்கு நடுவே எழுதியிருந்தால் அறுவடை நாளே தெரியாது. கேட்கும் நாட்கள் வெறும் ஊகமாக இருந்திருக்கும். ஏப்ரல் 20ஆம் தேதி எழுதினால், கோப்பு துறையிலிருந்து மேலே போய்த் திரும்புவதற்குள் கடைசி நாள் கடந்துவிடும். பாத்தி விளைச்சல் பதிந்து, ஆய்வக நாள் கிடைத்தவுடன் எழுதுவதே சரியான நேரம். மீதி வேலை எவ்வளவு என்பது அன்றுதான் உறுதியாகத் தெரிகிறது.

கேட்ட 35 நாள் நடந்த தாமதத்தைவிட ஆறு நாள் குறைவு. மூன்று அத்தியாயங்களை முன்பே எழுதிவைத்ததால் மிச்சமான நாட்களும், ஆய்வக வரிசையில் கூடிய நாட்களும் கழித்துக் கூட்டி வந்த எண் அது. கணக்கைப் படிக்கும் வழிகாட்டிக்கு இது உடனே புரியும்; அவரே துறைத் தலைவரிடம் எடுத்துச் சொல்லவும் முடியும். மூன்று மாதம் என்று முழு எண்ணாகக் கேட்டிருந்தால், ஏன் இரண்டு மாதம் போதாது என்ற கேள்விக்கு விடை இருந்திருக்காது.

மாற்று வழியைச் சொல்லும் பத்தியை எழுதத்தான் மாணவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். இன்னொரு வழி இருக்கிறது என்று சொன்னால் நீட்டிப்புக் கிடைக்காதோ என்ற அச்சம். நடப்பது பெரும்பாலும் வேறு. நீட்டிப்பு இல்லாவிட்டால் ஆய்வில் எது இழக்கப்படும் என்பது அந்தப் பத்தியில்தான் தெளிவாகிறது. உரத்தைப் பிரித்து இட்டதால் விளைச்சல் கூடியது என்று மட்டும் சொல்லும் ஆய்வேட்டுக்கும், கூடிய விளைச்சலுக்குப் பயிர் கூடுதலாக எடுத்த தழைச்சத்துதான் காரணம் என்று காட்டும் ஆய்வேட்டுக்கும் உள்ள வேறுபாடு வழிகாட்டிக்கு நன்றாகத் தெரியும். சில சமயம் அவர் நடுவழி ஒன்றைச் சொல்லுவார்: மண்ணில் மூன்று சத்தையும் பார்; பயிரில் தழைச்சத்தை மட்டும் பார், மற்ற இரண்டை விட்டுவிடு. அதனால் பத்து நாள் குறையலாம். வழிகாட்டிக்கு அந்தத் தெரிவைத் திறந்துவைப்பது மாணவரின் கடமை.

நீட்டிப்புக் கேட்காமலே சமாளித்துவிட நினைப்பவர்களும் உண்டு. பயிர் முற்றும் முன் அறுப்பது, இருபது குத்துகளில் எடுக்க வேண்டிய அளவீட்டை ஐந்தில் எடுப்பது, ஆய்வகத்தில் பாதி மாதிரிகளைப் பார்த்துவிட்டு மீதியை உத்தேசமாக நிரப்புவது என அது பல விதம். அனுபவமுள்ள வழிகாட்டி இதை எண்களிலிருந்தே கண்டுபிடிப்பார். ஒரு சதுர மீட்டரில் 300 கதிர், கதிருக்கு 120 நிறைமணி, ஆயிரம் மணியின் எடை 15 கிராம் என்றால், பெருக்கி வருவது 540 கிராம், அதாவது எக்டருக்கு 5.4 டன். பாத்தி விளைச்சல் அதே அளவிலோ, உதிர்ந்தது போகச் சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும். அட்டவணையில் 7 டன் என்று இருந்தால் எண்ணியதிலோ எடை போட்டதிலோ பிழை இருக்கிறது, அல்லது இரண்டும் வயலிலிருந்து வரவில்லை. ஒரே உரமுறையின் மூன்று பாத்திகளும் கிராம் பிசகாமல் ஒத்துப்போவதும் சந்தேகத்துக்குரியது. மண் ஓர் அடிக்கு ஓர் அடி மாறும். அதற்காகத்தான் ஒரே முறையை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த எண்களை நம்பிப் பரிந்துரை எழுதப்பட்டால், கடைசியில் நட்டப்படுபவர் யூரியா வாங்கி இடும் விவசாயி.

வயலால் வராத தாமதங்களுக்கு இதே கடிதம் பொருந்தாது. மாதிரிகளை அரைத்து வைத்துவிட்டு ஒரு மாதம் ஆய்வகப் பக்கம் போகாமல் இருந்திருந்தால், மழையைக் காரணம் காட்டினாலும் தேதிகள் ஒத்துவராது. பதிவேட்டின் நகலும் மழையளவும் இணைப்பில் கேட்கப்படுவது இதற்காகவே. உடல்நலமோ குடும்பச் சூழலோ காரணம் என்றால் அதை அப்படியே சொல்லித் தனியாக எழுதுவதே நல்லது. அதற்கும் இரக்கம் காட்டும் வழிகாட்டிகள் நிறைய இருக்கிறார்கள். வயலின் மேல் பழியைப் போட்டால் பண்ணைப் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும்.

கடிதம் கொடுத்த பிறகு மாணவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. வழிகாட்டியின் பரிந்துரை ஆணை அல்ல. கோப்பு துறைத் தலைவரைக் கடந்து உரிய அலுவலரின் கையெழுத்தோடு திரும்ப வேண்டும். நீட்டிப்புக் காலத்துக்குக் கட்டணம் உண்டா, உதவித்தொகை தொடருமா, விடுதி அறை இருக்குமா, முனைவர் பட்டச் சேர்க்கைக்கோ வேலைக்கோ தற்காலிகச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பதையெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் முதுநிலை விதிகளைப் பார்த்து, அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். நீட்டிப்பு ஆணை கையில் வரும் வரை ஏப்ரல் 30தான் கடைசி நாள்.